குக்கர் பாத்திரம் உரிந்தால் ஒரு முடிவு, தோசைத் தவா உரிந்தால் வேறு முடிவு

ரைஸ் குக்கர் பாத்திரத்திலோ தோசைத் தவாவிலோ கறுப்புக் கோட்டிங் உரிய ஆரம்பித்துவிட்டால் வீட்டுக்குள் இரண்டு கட்சி உண்டாகிவிடுகிறது. ஒரு கட்சி "அது விஷம், இன்றைக்கே தூக்கிப் போடு" என்கிறது. இன்னொரு கட்சி "இவ்வளவு நாள் இதில்தானே சாப்பிட்டோம், என்ன ஆகிவிட்டது" என்கிறது. இரண்டு பேரும் பாத்திரத்தைச் சரியாகப் பார்ப்பதே இல்லை. எந்தப் பாத்திரம், எந்த அளவு சூட்டில் வேலை செய்கிறது, கோட்டிங் கீறியிருக்கிறதா அல்லது ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, அதில் என்ன சமைக்கிறோம், இவ்வளவையும் பார்த்தால்தான் முடிவு சொல்ல முடியும். ஒரே மாதிரி உரிந்திருந்தாலும் குக்கர் பாத்திரத்துக்கு ஒரு பதில், தவாவுக்கு வேறு பதில். அதைத்தான் இங்கே எழுதுகிறேன், என்னென்ன வழிகள் இருக்கின்றன, எதற்கு என்ன செலவு, என்ன தொல்லை என்பதையும் சேர்த்து.

முதலில் அந்தக் கறுப்புப் பூச்சு என்ன என்று கொஞ்சம். பெரும்பாலான நான்ஸ்டிக் பாத்திரங்களில் பூசியிருப்பது பி.டி.எஃப்.இ. என்ற பிளாஸ்டிக் வகை, டெஃப்லான் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். உள்ளே இருக்கிற உலோகம் அலுமினியம். அலுமினியத்தின் மேல்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதன் மேல் பிடிப்புக்காக ஒரு அடிப்பூச்சு, அதற்கு மேல் வழுக்கும் பூச்சு என்று அடுக்கடுக்காகத் தெளித்து, 400 டிகிரிக்குப் பக்கத்தில் சூளையில் வைத்து உருக்கிப் படிய வைக்கிறார்கள். எல்லா அடுக்கும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடி அளவுக்குக்கூடத் தடிமன் இருக்காது. எதுவும் ஒட்டாத பொருளை அலுமினியத்தின் மேல் ஒட்ட வைத்திருக்கிறார்கள் என்பதால், அந்தப் பிடிப்பு ஒரு இடத்தில் விட்டுப்போனால் அங்கிருந்து அது பரவத்தான் செய்யும். தானாக ஆறிச் சரியாகாது.

சரி, உரிந்த துணுக்கு வயிற்றுக்குள் போனால்? இது ஏறக்குறைய எந்த வேதிப்பொருளோடும் சேராத, செரிக்காத பொருள். விழுங்கினால் அப்படியே வெளியே போய்விடும். ஜெர்மனியின் பி.எஃப்.ஆர். என்ற உணவுப் பாதுகாப்பு நிறுவனமும் இதையேதான் சொல்கிறது. ஆகவே நேற்றுச் சாப்பிட்ட சோற்றில் ஒரு கறுப்புத் துணுக்கு இருந்திருக்குமோ என்று நினைத்து ராத்திரி தூங்காமல் கிடக்க வேண்டாம், குழந்தை சாப்பிட்டிருந்தாலும்கூட. அதற்காகத் தினமும் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. 2022-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், பூச்சு உடைந்துபோன பரப்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் லட்சக்கணக்கில் உதிரக்கூடும் என்று கணக்கிட்டார்கள். அந்த அளவுக்குச் சிறிய துகள்கள் உடம்பில் என்ன செய்யும் என்பதற்கு அறிவியலிடம் இன்னும் தெளிவான பதில் கிடையாது. நம் ஊர் நிலை என்னவென்றால், ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, பூச்சு தேய்ந்தோ சேதமாகியோ போன நான்ஸ்டிக் பாத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்கிறது.

பி.எஃப்.ஓ.ஏ. பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் பயத்தில் பாதி அதனால்தான் வருகிறது. அது பூச்சு கிடையாது, பூச்சுப் பொருளைத் தயாரிக்கும்போது தொழிற்சாலையில் சேர்த்த ஒரு துணை ரசாயனம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கான உலக அமைப்பு 2023-இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்க அரசு 2006-இல் பெரிய தயாரிப்பாளர்களோடு பேசி, 2015-க்குள் அதை அடியோடு விடுவதாக ஒப்புக்கொள்ள வைத்தது. தயாராகிக் கடைக்கு வந்த பாத்திரத்தில் அது இருந்தாலும் துளியளவுதான். ஆனாலும் உங்கள் வீட்டுத் தவா 2015-க்கு முந்தைய கல்யாணச் சீர் என்றாலோ, பெயரில்லாமல் சந்தையில் வாங்கியது என்றாலோ, உரிந்த பிறகு அதை வைத்துக்கொள்ள ஒரு காரணமும் கிடையாது.

இப்போது சூட்டுக்கு வருவோம், விஷயமே இங்கேதான் இருக்கிறது. பி.டி.எஃப்.இ. 260 டிகிரி வரைக்கும் தாங்கும். அதற்கு மேல் மெல்ல மெல்லக் கெட ஆரம்பிக்கும். 350 டிகிரியைத் தாண்டினால் சிதைந்து, மூச்சுக்கு ஆகாத புகையை விடும். அந்தப் புகையை இழுத்தவர்களுக்குச் சில மணி நேரத்தில் குளிர் காய்ச்சல் மாதிரி நடுக்கம், நெஞ்சு இறுக்கம், இருமல் வரும், ஒன்றிரண்டு நாளில் சரியாகும். வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்க்கிறவர்கள் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள், அதே புகை பறவைகளைக் கொன்றுவிடும்.

குக்கருக்கு இந்தப் பிரச்சினை கிட்டத்தட்ட இல்லை. ஹீட்டிங் பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்கில் அமுங்கி எழுகிற ஒரு வட்டமான பொத்தான் இருக்கிறதே, அதற்குள் ஒரு காந்தம் இருக்கிறது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிற வரை அடிப்பக்கம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீரை அரிசி முழுக்க இழுத்துக்கொண்டதும் சூடு 100-ஐத் தாண்டும், தாண்டிய கொஞ்ச நேரத்தில் காந்தம் பிடிப்பை இழக்கும், டக்கென்று சுவிட்ச் வார்முக்கு மாறும். அதனால் சோறு மட்டும் வடிக்கிற குக்கரில் சூடு பூச்சு தாங்கக்கூடிய எல்லைக்கு வெகு கீழேயே நின்றுவிடுகிறது. ஒரே விதிவிலக்கு, குக்கரிலேயே நெய் விட்டு வெங்காயம் வதக்கித் தாளிப்பதற்காக, சுவிட்ச் மேலே வரவிடாமல் மறுபடி மறுபடி அமுக்கிப் பிடிப்பது. அப்படிச் செய்தால் அந்தக் காந்தம் செய்கிற காவல் வேலையை நீங்களே நிறுத்திவிடுகிறீர்கள், பூச்சுக்கும் கேடு, சூடு மிஞ்சினால் மின்சாரத்தை வெட்டுவதற்காக உள்ளே இருக்கிற தெர்மல் ஃபியூஸும் போகும். தாளிப்பை வேறு சட்டியில் செய்து கொட்டுங்கள்.

தவாவின் கதை வேறு. பெரிய பர்னரில் முழுத் தீயில் வெறும் தவாவை வைத்துவிட்டு, மாவு எடுக்க ஃப்ரிட்ஜுக்குப் போய், சட்னிக்கு ஒரு சுற்று மிக்ஸி ஓட்டிவிட்டு வந்தால், அந்தச் சில நிமிடத்திலேயே அது 260-ஐத் தாண்டிவிடலாம். அங்கே சுவிட்ச் கிடையாது, காந்தம் கிடையாது, உங்கள் கண் மட்டும்தான். கண்ணுக்கு ஓர் அடையாளம் சொல்கிறேன்: ரீஃபைண்ட் எண்ணெய் ஏறக்குறைய 230 டிகிரியில் புகைய ஆரம்பிக்கும், ஆகவே தவாவில் எண்ணெய் புகைந்தால் நீங்கள் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள்.

அப்படியென்றால் குக்கர் பாத்திரம் இவ்வளவு மிதமான சூட்டில் இருந்தும் ஏன் உரிகிறது? எல்லோரும் கரண்டியைத்தான் குறை சொல்கிறார்கள். எவர்சில்வர் கரண்டியும் இரும்பு நாரும் கீறுவது உண்மைதான். ஆனால் கீறல் வேறு, கொப்புளம் வேறு. பாத்திரத்தின் அடியில் மிளகு அளவுக்கு, பட்டாணி அளவுக்கு வட்ட வட்டமாகப் பூச்சு பொங்கி, பிறகு வெடித்து உரிந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் உப்பு. பூச்சில் ஊசிமுனையைவிடச் சின்ன துளைகள் இருக்கும், கீறலும் சேர்ந்துவிட்டால் வழி இன்னும் சுலபம். தக்காளி சாதம், புளியோதரை, பிரியாணி மாதிரி உப்பும் புளிப்பும் சேர்ந்த சமையல் அந்தத் துளை வழியே இறங்கி அடியில் இருக்கிற அலுமினியத்தை அரிக்கும். அரித்த இடத்தில் உண்டாகிற வெள்ளைப் பொடி பூச்சைக் கீழிருந்து மேலே தள்ளும். மீந்த தக்காளி சாதத்தை ராத்திரி முழுக்க வார்மிலேயே விட்டுவைத்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். வெள்ளைச் சோறு மட்டும் வடிக்கிற வீட்டில் அதே பாத்திரம் பல வருஷம் தாக்குப்பிடிப்பதும், கலந்த சாதம் செய்கிற வீட்டில் சீக்கிரம் போவதும் இதனால்தான்.

உரிந்ததா, உரியவில்லையா என்பதிலேயே நிறைய குழப்பம் வருகிறது. போர் தண்ணீர் பயன்படுத்துகிற வீடுகளில் பாத்திரத்தில் வெள்ளையாகத் திட்டுத் திட்டாக உப்புப் படியும், தூரத்திலிருந்து பார்த்தால் அலுமினியம் வெளியே தெரிகிற மாதிரியே இருக்கும். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை அரை மணி நேரம் ஊற விட்டுத் துணியால் துடைத்தால் போய்விடும், போய்விட்டால் அது உரிசல் இல்லை. அதேபோல் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பது கஞ்சிக் கறை, வெந்நீரில் ஊறினால் இளகிவிடும். உண்மையிலேயே உரிந்த இடத்தை நகத்தால் கண்டுபிடிக்கலாம். பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பளபளவென்ற கோடு தெரிகிற இடத்தில் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேல்கீறல். நகம் மாட்டினால், அல்லது ஓரம் அசைந்தால், பிடிப்பு விட்டுப்போய்விட்டது. சந்தேகமாக இருந்தால் செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள், டேப்பில் கறுப்பாக வந்தால் சோற்றிலும் வரும். அதற்கு மேல் இன்னொரு சோதனை, பாதிப் பாத்திரம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விட்டு, கையாலேயே அணைத்து, ஆறிய பிறகு வெள்ளை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். துணியில் கறுப்புப் பொடி நின்றால் விவாதம் முடிந்தது.

முடிவுகள் இப்படித்தான் வருகின்றன. குக்கர் பாத்திரத்தில் நகம் மாட்டாத கீறல்கள் மட்டும் என்றால் தொடர்ந்து பயன்படுத்தலாம், மரக் கரண்டிக்கு மாறுங்கள், கலந்த சாதத்தை மட்டும் நிறுத்துங்கள், மாதம் ஒரு முறை டேப் வைத்துப் பாருங்கள். கொப்புளம், தூக்கிய ஓரம், டேப்பில் வருகிற கறுப்பு, இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் சோறு நேரடியாக அதில் படக்கூடாது. அளவு எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். பட்டாணி அளவே உரிந்து ஓரம் தூக்கி நிற்கிற பாத்திரத்தைவிட உள்ளங்கை அளவு உரிந்து ஓரம் உறுதியாக நிற்கிற பாத்திரத்தில் துணுக்கு குறைவாகவே வரும் என்பது உண்மைதான், ஆனால் ஓரம் எத்தனை நாள் உறுதியாக நிற்கும் என்று எந்த வீட்டிலும் யாரும் தினமும் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

உரிந்த இடத்தில் வெளியே தெரிகிற அலுமினியத்தைப் பற்றித் தனிக் கவலை வேண்டாம். நம் வீடுகளில் அலுமினியச் சட்டியில் சோறு வடித்தவர்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு, வெறும் அரிசியும் தண்ணீரும் அதிலிருந்து மிகக் கொஞ்சம்தான் இழுக்கும். புளி, தக்காளி, உப்பு சேர்ந்தால் அதிகமாக இழுக்கும், அதனால் அவற்றுக்கு அலுமினியம் வேண்டாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அலுமினியத்தையே தவிர்ப்பது நல்லது, உடம்பில் சேருகிற அலுமினியத்தை வெளியே தள்ளுவது சிறுநீரகம்தான்.

இனி வழிகளை வரிசையாகச் சொல்வதைவிட, திருச்சியில் என் அக்கா வீட்டில் நடந்ததையே சொல்கிறேன், எல்லா வழிகளும் அதில் வந்துவிடுகின்றன. 1.8 லிட்டர் குக்கர், நான்கு பேர், பையன்கள் இருவருக்கும் காலையிலேயே டிபன் பாக்ஸ், வாரத்தில் இரண்டு நாளாவது தக்காளி சாதமோ தேங்காய்ப் பால் சாதமோ குக்கரிலேயே. பாத்திரத்தின் அடியில் ஐந்தாறு கொப்புளம், ஒன்று மட்டும் வெடித்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. "சோத்துல கறுப்பா ஏதோ இருக்கும்மா" என்று சின்னவன் தட்டைத் தள்ளியபோதுதான் அக்கா கவனித்தாள். டேப் சோதனையில் கறுப்பு அப்பிக்கொண்டு வந்தது. "மேல இருக்கறத எல்லாம் சுரண்டி எடுத்துட்டா சாதா அலுமினியப் பாத்திரம் ஆயிடுமில்ல" என்றார் மாமா. "வேண்டாம் மாமா, அடிப்பூச்சு சுரண்டினா போகாது" என்று தடுத்தேன்.

மாமா சொன்னது பலருக்கும் தோன்றுகிற வழி, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். சுரண்டினால் மேல்பூச்சுதான் வரும், அடிப்பூச்சு அலுமினியத்தின் சொரசொரப்புக்குள் இறங்கியிருக்கும். உப்புத்தாளால் தேய்த்தால் அந்தப் பொடி கையிலும் மூச்சிலும் போகும், மிச்சம் சோற்றிலும் வரும். எல்லாவற்றையும் எடுத்தே தீர்த்தாலும் கிடைப்பது சோறு அப்பிக்கொள்கிற சொரசொரப்பான அடிதான். மறுபூச்சு போட்டுத் தருவதாகச் சொல்கிற கடைகளும் உண்டு. ஒழுங்கான பூச்சுக்குப் பழையதை முழுக்க எரித்து எடுத்து, மணல் அடித்து, 400 டிகிரி சூளையில் வைக்க வேண்டும். கடையில் அந்தச் சூளை இருக்கிறதா என்று கேளுங்கள், ஸ்பிரே அடித்து வெயிலில் காய வைப்பதாகச் சொன்னால் திரும்பி வந்துவிடுங்கள்.

அன்றைக்கே செய்ய முடிந்தது ஒன்றுதான், பணம் செலவில்லாதது. உரிந்த பாத்திரத்தை வெறும் தண்ணீர்ச் சட்டியாக வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு எவர்சில்வர் டபராவை இறக்குவது. அடியில் சின்ன வளையம் ஒன்று, அதன் மேல் டபரா. டபராவில் ஒரு டம்ளர் பச்சரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், மேலே ஒரு தட்டு போட்டு மூட வேண்டும். வெளியே ஒன்றரை டம்ளர் தண்ணீர், டபராவின் உயரத்தில் கால்பங்குக்கு மேல் போகக்கூடாது, போனால் கொதிக்கும்போது உள்ளே தெறிக்கும். வெளித்தண்ணீர் வற்றியதும் குக்கர் தானாக மாறிக்கொள்ளும். அரிசி வேகாமல் இருந்தால் வெளியே இன்னும் அரை டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி அமுக்கலாம். புழுங்கலரிசி என்றால் முன்கூட்டியே அரை மணி நேரமாவது ஊற வேண்டும், வெளித்தண்ணீரும் இரண்டு மூன்று தடவை சேர்க்க வேண்டியிருக்கும். சோறு துணுக்கில்லாமல், அடிப்பிடிக்காமல் வரும். தொல்லை என்னவென்றால் நேரம் அதிகம், அளவு பாதி. நான்கு பேருக்கு ஒரே தடவையில் போதவில்லை, அக்கா காலையில் இரண்டு முறை வைக்க வேண்டியிருந்தது. புதுப் பாத்திரம் வருகிற வரைக்கும் ஓட்டலாம், நிரந்தரமாக என்றால் ஒன்றிரண்டு பேர் இருக்கிற வீட்டுக்குத்தான் சரிப்படும்.

வளையமும் தண்ணீரும் இல்லாமல் வேறு எவர்சில்வர் பாத்திரத்தை நேரடியாக ஹீட்டிங் பிளேட் மேல் வைத்துப் பார்க்காதீர்கள், இதைச் செய்து குக்கரையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். பிளேட் லேசாக மேடு கட்டியிருக்கும், குக்கரின் சொந்தப் பாத்திரத்தின் அடி அதற்கேற்பக் குழிந்திருக்கும். வேறு பாத்திரம் அங்கங்கேதான் தொடும், பிளேட் தாறுமாறாகச் சூடேறும், நடுப்பொத்தான் சரியாக அமுங்காமல் சுவிட்ச் நிற்காது அல்லது மாறாது.

அடுத்து, அதே மாடலுக்கு உதிரிப் பாத்திரம். குக்கரைக் கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டும். "1.8 லிட்டர் பாத்திரம் குடுங்க" என்று கேட்டு வாங்கி வராதீர்கள், லிட்டர் ஒன்றாக இருந்தாலும் விட்டமும் அடிக்குழிவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இங்கே மூன்று வகை கிடைக்கலாம். மறுபடியும் நான்ஸ்டிக், பூச்சில்லாத அலுமினியம், சில மாடல்களுக்கு எவர்சில்வர்.

நான்ஸ்டிக்கை மறுபடி வாங்குவதில் தப்பில்லை, வெள்ளைச் சோறு மட்டும் வடிக்கிற வீடாக இருந்தால். கழுவ நிமிடம் போதும், வயதானவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் அது பெரிய வசதி. ஆனால் அக்கா வீட்டில் கொப்புளம் வந்த காரணம் அப்படியேதான் இருக்கிறது, கலந்த சாதம் நிற்கப் போவதில்லை, புதுப் பாத்திரமும் அதே வழியில்தான் போகும். எவர்சில்வர் புளிப்புக்கும் உப்புக்கும் அஞ்சாது, உரிய எதுவும் இல்லை. ஆனால் அலுமினியம் சூட்டைக் கடத்துகிற வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட எவர்சில்வருக்குக் கிடையாது. அடியில் அலுமினியத் தகடு பொதிந்த கனமான வகை என்றால் பரவாயில்லை, மெலிதான ஒற்றைத் தகடு என்றால் நடுவில் கருகும், ஓரத்தில் அரைவேக்காடாக நிற்கும். அவர்கள் மாடலுக்குக் கிடைத்தது மெலிதானது, அதனால் வேண்டாம் என்றோம்.

மிஞ்சியது பூச்சில்லாத அலுமினியப் பாத்திரம், அதைத்தான் வாங்கினார்கள். நான்ஸ்டிக் உதிரியைவிட விலை குறைவு, பூச்சே இல்லாததால் உரிகிற கவலை இல்லை. கலந்த சாதத்தை அதில் வைப்பதில்லை என்று ஒரு மாற்றம் மட்டும், தக்காளி சாதம் இப்போது எவர்சில்வர் பிரஷர் குக்கருக்குப் போய்விட்டது. முதல் சில நாள் அடிப்பிடித்தது, அக்கா "உன் பேச்சைக் கேட்டு வாங்கினேன் பாரு" என்று போனில் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் பிளேட்டைக் காட்டச் சொல்லிப் பார்த்தால் பழைய கஞ்சி வழிந்து காய்ந்து பொத்தானைச் சுற்றிப் படலமாக இருந்தது, ஓரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை வேறு. பாத்திரம் அந்தப் பருக்கை அளவுக்குத் தூக்கி நின்றாலே பொத்தானுக்குச் சூடு தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் அடி கருகிவிடும். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஈரத்துணியால் துடைத்த பிறகு சரியாகிவிட்டது. அப்புறம் சுவிட்ச் மாறியதும் மூடியைத் திறக்காமல் பத்து நிமிடம் விட்டால் அடியில் ஒட்டிய படலம் அந்த ஆவியிலேயே இளகிக்கொண்டு வரும், மிச்சத்தைத் தண்ணீரில் ஊற வைத்தால் போதும். போர் தண்ணீரில் கொஞ்ச நாளில் உள்பக்கம் கறுத்துவிடும், அது அலுமினியத்தின் மேல் படிகிற படலம், கேடில்லை, புளி போட்டுத் தேய்த்து வெளுக்க வைக்கத் தேவையும் இல்லை.

குக்கரையே மாற்றலாமா என்று கேட்டால், உதிரிப் பாத்திரத்தின் விலை புதுக் குக்கர் விலையில் பாதியைத் தொடுகிறது, குக்கரும் பழசு, வயர் சூடாகிறது அல்லது சுவிட்ச் நிற்பதில்லை என்றால் மாற்றிவிடுங்கள். அப்போது வாங்கும் கடையிலேயே பூச்சில்லாத இரண்டு பாத்திரம் சேர்த்துத் தருகிற மாடலைக் கேளுங்கள், நம் ஊர்க் கடைகளில் அப்படி நிறைய உண்டு. பாத்திரம் மட்டும் போயிருக்கிறது, குக்கர் நன்றாக ஓடுகிறது என்றால் முழுதாக மாற்றுவது வீண் செலவு.

தவாவுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. அங்கே இடைக்கால வழி என்று ஒன்று கிடையாது. உரிசல் பெரும்பாலும் நடுவில்தான் தொடங்கும், தீ படுவதும் அங்கேதான், தோசைத் திருப்பி சுரண்டுவதும் அங்கேதான். நடு உரிந்திருக்கிறது என்றால் அந்தத் தவா பலமுறை எல்லை தாண்டிச் சூடாகியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், மிச்சமிருக்கிற பூச்சும் ஏற்கெனவே கெட்டுப்போனதுதான். நிறம் வெளுத்து, தோசை ஒட்ட ஆரம்பித்து, ஒட்டுகிறதே என்று தீயைக் கூட்டி, இன்னும் கெட்டு, இப்படியே போகும். தவாவில் மட்டும் நான் கீறலுக்கும் சலுகை தர மாட்டேன், நகம் மாட்டினால் அன்றோடு நிறுத்திவிடுங்கள். வீட்டில் பறவை இருந்தால் உரிகிற வரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மாற்றாக வாங்குவதில் மூன்று பேர் போட்டியில் இருக்கிறார்கள். புது நான்ஸ்டிக் தவா, நடுத்தீயில் மட்டும் வைத்து, மரத் திருப்பி போட்டு, வெறுமனே காய விடாமல் பயன்படுத்துகிறவர்களுக்குச் சரி, ஆனால் அதை மறுபடி மறுபடி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். செராமிக் பூச்சு என்று விற்பதில் பி.டி.எஃப்.இ. கிடையாது, சிலிக்கா வகைப் பூச்சு, ஆகவே அந்தப் புகைப் பயம் இல்லை, ஆனால் வழுக்கும் தன்மை நான்ஸ்டிக்கைவிடச் சீக்கிரம் போய்விடுகிறது. வார்ப்பிரும்புத் தோசைக்கல்தான் என் தேர்வு. தினமும் தோசை ஊற்றுகிற வீட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை, எண்ணெய் பழகப் பழக அதுவே தன் பூச்சை உண்டாக்கிக்கொள்ளும், போனாலும் மறுபடி பழக்கலாம். கனம் ஒரு குறை, மணிக்கட்டு வலி உள்ளவர்களுக்கு இரும்புத் தகட்டுக் கல் பரவாயில்லை. புதுக்கல்லைக் கழுவி, கஞ்சித் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, நல்லெண்ணெய் தடவிக் காய வைத்து, முதல் சில தோசைக்குப் பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்த்து ஊற்றினால் பழகிவிடும். பழகிய பிறகு அதில் தக்காளித் தொக்கோ புளிக்குழம்போ வைக்காதீர்கள், பழக்கிய படலம் கரைந்துபோகும்.

உரிந்த பாத்திரத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். உரிந்த குக்கர் பாத்திரத்தில் பால் காய்ச்சுவது, குளிக்கத் தண்ணீர் போடுவது என்று கேஸ் அடுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள், 100 டிகிரியில் பத்திரமாக இருந்ததை வற்றிப்போனால் 300-க்கு ஏற்றுகிற இடத்தில் வைக்கிறீர்கள். வீட்டில் வேலை செய்கிறவரிடம் "நீ வச்சுக்கோம்மா" என்று கொடுப்பதும் வேண்டாம், நமக்கு ஆகாத பாத்திரம் அவர் பிள்ளைகளுக்கும் ஆகாது. பழைய இரும்புக் கடையில் அலுமினியமாக எடைக்கு எடுத்துக்கொள்வார்கள், பூச்சு இருப்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் தருவார்கள். போடுவதற்கு முன்னால் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டுவிடுங்கள், வேறு யார் வீட்டு அடுப்புக்கும் அது திரும்பிப் போகாது.